பேசின விலைக்கு இனிக் கட்டாது: பெரிய ஹோட்டலிடம் புதிய விலை கேட்பது எப்படி

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களுக்குத் திருகோணமலை டவுனிலிருந்தும் சாம்பல்தீவு, கிண்ணியா போன்ற இடங்களிலிருந்தும் சாப்பாடு, தயிர், மீன், மரக்கறி என்று தினமும் போய்க்கொண்டிருக்கிறது. கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்படியிலோ கோடிக்குள் போட்ட தகரக் கொட்டிலிலோ வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். ஒரு வருசத்துக்கு முன் பேசின விலையில் இன்னும் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து கொஞ்சம் போடுகிறவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஹோட்டலிடம் போய் என்ன சொல்வது, எந்த ஒழுங்கில் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களை நினைத்து எழுதுவதால் ஒரேயொரு உதாரணத்தை எடுத்து அதையே கடைசிவரை கொண்டுபோகிறேன்.

உதாரணம் இதுதான். ஒரு அக்கா நிலாவெளி ஹோட்டலின் ஊழியர் கன்டீனுக்கு ஞாயிறு தவிர தினமும் 100 காலைச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறா. ஒரு பார்சலில் ஐந்து இடியப்பம், சம்பல், சொதி. பேசின விலை 150 ரூபா, காசு 45 நாள் கழித்து. கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை, உங்கள் பில்லில் இருக்கிற எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு, பிறகுதான் போன்

விலை பேசின மாதத்தின் பில்களையும் போன மாதத்தின் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பில் இல்லாத சாமானுக்கு (சந்தையில் வாங்கும் தேங்காய்க்கு யார் பில் தருகிறார்கள்!) இன்றிலிருந்தாவது ஒரு கொப்பியில் திகதி, எண்ணிக்கை, விலை எழுதி, முடிந்தால் கடைக்காரரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வையுங்கள், ஏனென்றால் மற்றப் பக்கம் கேட்கப்போகிற முதல் கேள்வியே "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்பதுதான்.

அக்காவின் கணக்கு இப்படி வருகிறது. 100 பார்சலுக்கு 10 கிலோ அரிசிமா போகிறது, அப்போது கிலோ 240, இப்போது 260. சம்பலுக்கும் சொதிக்கும் சேர்த்து 20 தேங்காய், அப்போது ஒன்று 120, இப்போது 190. கேஸ் நாளுக்கு 750, அது மாறவில்லை. வெங்காயம், செத்தல், மாசி, தேசிக்காய் எல்லாம் சேர்த்து 1,400 ஆக இருந்தது 1,500 ஆகிவிட்டது. லஞ்ச் சீட்டும் சொதி கட்டும் பையும் 500 இலிருந்து 600. உதவிக்கு வரும் இரண்டு பேருக்கும் தலா 1,500 கொடுத்தது இப்போது 1,800. ஓட்டோ 1,200 இலிருந்து 1,300. கூட்டினால் ஒரு நாள் செலவு 11,650 ஆக இருந்தது 14,150 ஆகியிருக்கிறது. ஹோட்டல் கொடுப்பது அன்றும் இன்றும் 15,000.

அதாவது மிச்சம் 3,350 ஆக இருந்தது 850 ஆகிவிட்டது. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 1,800 கொடுத்துவிட்டு, இரண்டரை மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டுகிற அக்கா தனக்கு 850 எடுக்கிறா. அதையும் 45 நாள் கழித்துத்தான் எடுக்கிறா. சொந்த உழைப்புக்குச் சம்பளம் போடாமல் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் கண் மறைக்கும், "நட்டமில்லையே, ஏதோ மிஞ்சுகிறதே" என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது இரண்டு எண் வேண்டும். ஒன்று கேட்கப்போகிற விலை. செலவு 2,500 கூடியிருக்கிறது, பார்சலுக்கு 25, ஆகவே 175. மற்றது இதற்குக் கீழே போனால் நிறுத்திவிடுவேன் என்கிற விலை, இதை யாருக்கும் சொல்லக்கூடாது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அது செலவு 141.50, தன் கூலி 18, கடனாக நிற்கும் காசின் வட்டி இரண்டரை, கெட்டுப்போவது, எண்ணிக்கை குறைவது என்று ஒரு மூன்று, ஆக 165.

வட்டியை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீர்கள். 45 நாளில் ஏறக்குறைய 39 நாள் சாப்பாடு போகிறது, 39 தரம் 14,150 என்றால் ஐந்தரை லட்சம் எப்போதும் ஹோட்டலுக்குள் நிற்கிறது. அந்தக் காசுக்காக நகையை வங்கியில் அடகு வைத்து வருசத்துக்கு 14 வீதம் கட்டுகிறா என்று வைத்தால் பார்சலுக்கு இரண்டரை ரூபா விழுகிறது. மாதம் 3 வீதத்துக்கு வெளியில் வாங்கியிருந்தால் அது ஆறுக்கு மேல். பெரிய ஹோட்டலுக்குச் சின்னச் சப்ளையர் கடன் கொடுத்து நடத்துகிற இந்த விசயம் எந்த ஒப்பந்தத்திலும் விலையாக எழுதப்படுவதில்லை, ஆனால் பேரம் பேசும்போது கையில் இருக்கிற நல்ல சீட்டு இதுதான், பிறகு வருகிறேன்.

கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வாசியுங்கள்

ஒப்பந்தம் இருந்தால் மூன்று இடத்தைத் தேடுங்கள்: விலை எந்தத் திகதி வரை மாறாது, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல், விலையை மீளப் பார்ப்பது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா. சின்ன ஓடர்களுக்குப் பெரும்பாலும் தனி ஒப்பந்தமே இருக்காது, நீங்கள் கொடுத்த விலைமனுவும் அவர்கள் அனுப்பும் பேர்சேஸ் ஓடரும்தான் எல்லாம். அப்படியானால் விலைமனுவின் அடியில் "இவ்வளவு நாளுக்குச் செல்லும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

விலை மாறாத காலம் இன்னும் முடியவில்லை என்றால் நீங்கள் கேட்கப்போவது உரிமை அல்ல, திருத்தம். கேட்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் "நாளைக்குத் தரமாட்டேன்" என்ற பேச்சு வரக்கூடாது. அவர்கள் வேறு இடத்தில் கூடின விலைக்கு வாங்கிவிட்டு வித்தியாசத்தை உங்கள் பாக்கியில் கழித்தால் அதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அதோடு ஏற்கெனவே வந்த ஓடர்களை எப்படியும் பழைய விலைக்கே முடித்துக்கொடுக்க வேண்டும், புதிய விலை இனி வரும் ஓடர்களுக்கு மட்டும்.

யாரிடம், எப்போது

கன்டீனுக்குச் சாப்பாட்டை எண்ணி வாங்குகிற தம்பியிடம் சொல்லாதீர்கள். அவர் நல்ல பிள்ளையாக இருப்பார், ஆனால் அவர் வாயால் போகும் செய்தி மேலே போய்ச் சேரும்போது "அந்த அக்கா இனித் தரமாட்டாவாம்" என்றுதான் சேரும். பேச வேண்டியது பேர்சேசிங் மனேஜரிடம். ஊழியர் சாப்பாடு என்றால் அந்தச் செலவு பல ஹோட்டல்களில் மனிதவளப் பிரிவின் கணக்கில் இருக்கும், அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். கொழும்பில் தலைமையகம் இருக்கிற ஹோட்டல் என்றால் இங்கே இருக்கிற மனேஜருக்குத் தானாக விலை கூட்டும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவர் ஒரு காகிதத்தை மேலே அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்தை அவருக்காக நீங்களே செய்து கொடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

நேரம் என்று பார்த்தால் எங்கள் கரைக்கு சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடும். மாசி, பங்குனியில் ஹோட்டல்காரர் ஆள் எடுத்து, சாமான் விலை பேசி ஆயத்தம் பண்ணுகிற நேரம், அப்போது கேட்டால் அது அவர்கள் வேலையோடு சேர்ந்து போகும். ஆடியில் ஹோட்டல் நிரம்பி வழியும்போது கேட்டால் ஓம் என்று சொல்வார்கள்தான், வேறு வழியில்லாததால் சொல்வார்கள், அதை மனதில் வைத்திருந்து சீசன் முடிய ஆளை மாற்றிவிடுவார்கள். எப்போது கேட்டாலும் குறைந்தது 30 நாள் கொடுங்கள், புதிய விலை ஒரு மாதத்தின் முதலாம் திகதியிலிருந்து தொடங்கட்டும். மாதத்தின் நடுவில் விலை மாறினால் அவர்கள் கணக்குப் பிரிவு குழம்பும், குழம்பினால் உங்கள் காசுதான் நிற்கும்.

சொல்கிற விதம்

முதலில் போன். கடிதத்தைத் திடீரென்று அனுப்பினால் மனேஜருக்குத் தன்னைத் தாண்டிப் போனது போல இருக்கும். போனில் நீட்ட வேண்டாம்:

"சேர், காலைச் சாப்பாட்டு விலை பற்றிக் கதைக்க வேணும். 150க்கு இனிமேல் கட்டாது சேர், தேங்காய்தான் பெரிய காரணம். ஓடரை நிறுத்தவில்லை, பழைய விலையில் இந்த மாதமும் அடுத்த மாதமும் வரும். கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி இன்றைக்கே அனுப்புறன், பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லுங்கோ, நேரில் வாறன்."

அவர் போனிலேயே "எவ்வளவு கேட்கிறீங்கள்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுங்கள், 175 என்று. மழுப்பினால் இருநூறு கேட்கப்போகிறா என்று நினைத்துக்கொள்வார். பிறகு அதே நாளில் ஈமெயிலோ வட்ஸ்அப்போ போக வேண்டும், போனில் பேசியது பேச்சோடு போய்விடும். கொழும்புக்குப் போகிற காகிதம் என்றால் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யாரையாவது கொண்டு எழுதுவியுங்கள். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

> ஊழியர் காலைச் சாப்பாடு – விலைத் திருத்தம்
>
> தற்போதைய விலை பார்சல் ஒன்றுக்கு 150 ரூபா. கேட்கும் விலை 175 ரூபா, இனிவரும் மாதம் ஒன்று விட்டு அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வழங்கப்படும் ஓடர்களுக்கு. அதுவரை எல்லா ஓடர்களும் பழைய விலையில் வழங்கப்படும்.
>
> பார்சலின் செலவு 25 ரூபா கூடியுள்ளது: தேங்காய் 14, கூலி 6, அரிசிமா 2, ஏனைய சாமான், பொதி, ஓட்டோ சேர்த்து 3. எங்கள் இலாபத்தில் கூட்டியது எதுவுமில்லை. பில் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இந்த விலை, தேங்காய் ஒன்று 190 ரூபா என்ற அடிப்படையில் உள்ளது. தேங்காய் விலை 10 ரூபா மாறினால் பார்சல் விலை 2 ரூபா மாறும், கூடினாலும் குறைந்தாலும்.
>
> பார்சலின் அளவும் தரமும் மாறாது. இந்தத் திகதிக்குள் பதில் தந்தால் ஓடரைத் திருத்தி ஆயத்தம் செய்ய வசதியாக இருக்கும்.

வீட்டுக் கஷ்டம், பிள்ளையின் படிப்பு, வங்கிக் கடன் எதுவும் இதில் வரக்கூடாது. மனேஜர் இரக்கமில்லாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் அதை கொழும்புக்கு அனுப்ப முடியாது, தேங்காய் விலையை அனுப்ப முடியும். "எல்லாம் விலை ஏறிப்போச்சு" என்ற வசனமும் வேண்டாம். 2022 இல் ரூபா விழுந்து எல்லாமே ஒரே மூச்சில் ஏறியபோது அந்த வசனம் எடுபட்டது, செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கமே 70 வீதத்துக்குக் கிட்டப் போனது, யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இப்போது அப்படியல்ல, சிலது ஏறும், சிலது நிற்கும். உதாரணத்தில் கேஸ் ஏறவில்லை, அதை ஏறியதாகக் காட்டினால் அவர்களுக்கும் கேஸ் பில் வருகிறது, பிடித்துவிடுவார்கள்.

தேங்காய் வரியை ஏன் போட்டேன்

இந்தக் கடிதத்தில் உண்மையில் வேலை செய்வது அந்த ஒரு வரிதான். 25 ரூபாவில் 14 தேங்காயால் வந்தது. வாங்குகிறவருக்கு மனதில் ஓடுவது "ஏற்றிவிட்டால் திரும்ப இறக்கமாட்டார்கள்" என்பது, அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய் ஏறிய ஏற்றத்தை எல்லோரும் பார்த்தோம், விளைச்சல் கூடினால் அது இறங்கவும் செய்யும். 100 பார்சலுக்கு 20 தேங்காய் என்றால் ஒரு பார்சலுக்குத் தேங்காயில் ஐந்தில் ஒன்று, ஆகவே 10 ரூபா மாற்றத்துக்கு 2 ரூபா. தேங்காய் பழையபடி 120க்கு வந்தால் உங்கள் விலை 161 ஆகும். எழுதிக் கொடுக்கத் துணிவு வேண்டும், ஆனால் கொடுத்தால் பேச்சு "இந்த அம்மா விலை கேட்கிறா" என்பதிலிருந்து "தேங்காய் எவ்வளவு" என்பதற்கு மாறிவிடும்.

தேங்காய் விலையை யார் சொல்வது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். உங்கள் கடைக்காரரின் விலையை அவர்கள் நம்பமாட்டார்கள், அவர்கள் ஸ்டோர் வாங்கும் விலை மொத்த விலை, அது உங்களுக்குக் கட்டாது. இலங்கை மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கையில் தேங்காயும் இருக்கிறது, அதன் மாதச் சராசரியை வைத்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் வசதி. அது திருகோணமலை விலை அல்ல என்பது உண்மை, ஆனால் நீங்கள் பார்ப்பது எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதைத்தான். கடிதத்தின் 190க்குப் பதிலாக அந்த மாதத்துச் சராசரியை அடிப்படையாக எழுதிவிட்டால் போதும். பத்து ரூபா ஆடுவதற்கெல்லாம் விலையை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் தலையிடி, அதனால் அடிப்படையிலிருந்து 20 ரூபாவுக்கு மேல் விலகினால் மட்டும் அடுத்த மாதத்திலிருந்து மாற்றம் என்று வையுங்கள். மேல் எல்லை கேட்பார்கள். 185 என்று கொடுக்கலாம், அதாவது தேங்காய் 240 வரை அவர்கள் தாங்குவார்கள், அதற்கு மேலே உங்கள் தலையில். எல்லை கொடுத்தால் "அதைத் தாண்டினால் இருவரும் திரும்பப் பேசுவது" என்ற வரியும் கூடவே வரட்டும்.

பேரம்

நேரில் போகும்போது வரக்கூடிய பதில், "160 போடலாம், அதற்கு மேலே ஹெட் ஒபிஸ் விடாது." உடனே 168 என்று நடுவுக்கு இறங்காதீர்கள். சும்மா விலையைக் குறைத்தால் முதலில் சொன்ன கணக்கு பொய் என்றாகிவிடும். விலை குறைய வேண்டுமென்றால் வேறொன்று மாற வேண்டும், அதற்கு இரண்டு வழி கையில் வைத்திருங்கள்.

ஒன்று காசு வரும் நாள். 45 நாளை 14 நாளாக்கினால் நிற்கும் காசு ஐந்தரை லட்சத்திலிருந்து ஒன்றேமுக்கால் லட்சத்துக்குக் கிட்ட வந்துவிடும். வெளி வட்டிக்காரர்களுக்கு அது பார்சலுக்கு நாலு ரூபாவுக்கு மேல் மிச்சம், ஆகவே மூன்று ரூபா விட்டு 172 என்று சொல்லலாம். நகை அடகு வட்டி மட்டும் என்றால் மிச்சம் இரண்டு ரூபாகூட வராது, அப்போது மூன்று விடுவது உங்களுக்கு நட்டம், ஒன்றரையோடு நில்லுங்கள்.

மற்றது சாப்பாடு. சம்பலுக்கு மட்டும் 12 தேங்காய் போகிறது. வாரத்தில் மூன்று நாள் சம்பலுக்குப் பதிலாகப் பருப்புக் கறி என்றால், மூன்று கிலோ பருப்பும் பாலுக்கு இரண்டு தேங்காயும் போட்டாலும் அந்த நாட்களில் பார்சலுக்குப் பத்து ரூபா மிஞ்சும், ஆறு நாளுக்குப் பரப்பினால் ஐந்து. 170க்குக் கொடுக்கலாம். (சம்பல் இல்லாத இடியப்பத்துக்கு ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், மனேஜருக்கும் அது தெரியும், அதனால் இந்த வழியைச் சொல்லும்போதே பல இடங்களில் 175 கொஞ்சம் இனிக்கத் தொடங்கும்.)

இடியப்பத்தைச் சின்னதாக்கலாம், சொதியில் தண்ணீர் கூட்டலாம் என்று சிலர் பேசாமலே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். கன்டீனில் தினமும் அதையே சாப்பிடுகிற 100 பேர் அதை இரண்டாம் நாளே சொல்லிவிடுவார்கள், பிறகு விலை கேட்க முகம் இருக்காது.

வரி பற்றி ஒரு சொல்: நீங்கள் வற் வரிக்குப் பதிவு செய்யாதவர் என்றால் பில்லில் வற் என்று எதையும் போட முடியாது, ஆகவே "175, வரி தனி" என்று பழக்க தோசத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஓம் என்ற பிறகுதான் கவனம்

வாயால் ஓம் என்றவுடன் அடுத்த பில்லில் 175 போடுவதுதான் அதிகம் நடக்கிற கோளாறு. ஹோட்டலின் கணக்குப் பிரிவில் மூன்று தாள் பொருந்த வேண்டும்: பேர்சேஸ் ஓடர், சாப்பாட்டை எண்ணி வாங்கியதாகக் கையெழுத்திட்ட சீட்டு, உங்கள் பில். ஓடரில் 150 இருக்க, பில்லில் 175 வந்தால் வித்தியாசத்தை மட்டும் நிறுத்தமாட்டார்கள், பில் முழுவதும் ஒரு தட்டில் போய் நிற்கும், நீங்கள் 45 நாள் கழித்துக் காசு வரவில்லையே என்று போன் எடுக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே புதிய விலை போட்ட ஓடர் கைக்கு வந்ததா என்று பாருங்கள், இலக்கத்தையும் விலையையும் வாசியுங்கள். முதலாம் திகதிக்கு முன் வரவில்லை என்றால் "திருத்திய ஓடர் இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை எத்தனை நாள் பழைய விலையில் தருவது என்று சொல்லுங்கோ" என்று எழுதுங்கள்.

இந்த "அப்ரூவல் வரவேணும்" என்ற பதில் வாரக்கணக்கில் இழுபடும். இழுபடுவதே சில இடங்களில் அவர்களுடைய பேரம், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு 2,500 மிச்சம். எப்படித் தெரியும் என்றால், உண்மையில் காகிதம் கொழும்புக்குப் போயிருந்தால் அங்கிருந்து ஏதாவது கேள்வி வரும், பில் கேட்பார்கள், தேங்காய் எண்ணிக்கை கேட்பார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை என்றால் அது மேசையிலேயே இருக்கிறது. அப்போது ஒரு கடைசித் திகதி எழுதிக் கொடுங்கள், ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தல் நாளுக்குக் குறையாமல்: இந்தத் திகதிக்குப் பிறகு 150க்கு வரும் ஓடரை ஏற்க முடியாது, அதுவரை ஒரு நாளும் தவறாமல் வரும் என்று.

அந்தத் திகதியை எழுதும் முன் இன்னொரு கணக்கும் பாருங்கள். 100 பார்சல் போனால் அந்த இரண்டு பெண்களுக்கும் என்ன வேலை, டவுனில் கடைகளுக்கு எத்தனை இடியப்பம் போடலாம், எந்த விலைக்கு. அதற்குப் பதில் இல்லையென்றால் 165க்குக் கீழேயும் சில மாதம் ஓட வேண்டி வரலாம், அது உங்கள் முடிவு, ஆனால் கடைசித் திகதி என்று எழுதிவிட்டுப் பிறகு பழைய விலைக்கே தொடர்ந்தால் அடுத்த முறை உங்கள் கடிதத்தை யாரும் திறக்கமாட்டார்கள்.

நிறுத்துவதாகவே முடிந்தால் கடைசி நாளுக்கு முன்பே கணக்குப் பிரிவிடம் நிலுவைப் பட்டியல் ஒன்று கொடுத்து, பில் இலக்கம், திகதி, தொகை எல்லாம் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஐந்தரை லட்சம் முழுக்க வந்து சேர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. பெட்டிகள், சொதி வாளிகள் அங்கே நிற்கும், அதையும் எண்ணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.